ஏக்கருக்கு 22 குவிண்டால்: ஹெக்டேருக்கு எத்தனை கிலோ? யான் வயல்வெளியிலிருந்து ஒரு கணக்கு

நீங்கள் கெடாவில், யான் பக்கம் வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் ஒரு பண்ணை அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குவார் செம்படாக்கில் இருக்கும் மாமாவின் நெல் வயலையும், தஞ்சாவூர் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் வயலையும் ஒப்பிட்டு எழுதலாம் என்று முடிவு செய்கிறீர்கள். அறிக்கைக்கு ஒரே ஒரு நிபந்தனை: எல்லா விளைச்சலும் "ஹெக்டேருக்கு இத்தனை கிலோ" என்ற அளவில் இருக்க வேண்டும்.

ஊருக்கு ஃபோன் போடுகிறீர்கள். "இந்தத் தடவை ஏக்கருக்கு 22 குவிண்டால் வந்துச்சுப்பா" என்கிறார் பெரியப்பா. மாமாவிடம் கேட்டால், "ஏழு ரெலோங்ல 12 டன்னுக்கு மேல வந்துச்சு, ஆனா கிலாங்ல வெட்டிட்டாங்க" என்கிறார். இருவரும் சொன்னது உண்மைதான். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களிலும் பொதுவான அலகு ஒன்றுகூட இல்லை. யாருடைய நிலம் அதிகம் விளைந்தது என்று இதை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

கணக்கு சின்னதுதான். ஆனால் தவறினால், நன்றாக விளைந்த வயல் அறிக்கையில் மட்டமான வயலாக மாறிவிடும். அந்த எண்ணை வைத்து உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று அடுத்த பக்கத்தில் நீங்கள் எழுதப்போவதும் தவறாகிவிடும்.

247 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

முதலில் பெரியப்பாவின் கணக்கு. இந்தியாவில் இன்று ஒரு குவிண்டால் என்றால் 100 கிலோ. அங்கே அரசு நெல்லுக்கு விலை அறிவிப்பதே குவிண்டால் கணக்கில்தான். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அதனால்தான் விவசாயிகள் வாயிலும் அதே அலகு வருகிறது.

ஏக்கர் வேறு வழியில் வந்தது. 43,560 சதுர அடி, அதாவது 4,046.86 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேருக்குள் எத்தனை ஏக்கர் அடங்கும் என்று பார்க்க, 10,000-ஐ 4,046.86 ஆல் வகுங்கள். 2.471 வரும்.

ஒரு ஏக்கரில் 100 கிலோ விளைந்தால், அதே தரத்தில் 2.471 ஏக்கர் நிலத்தில் 247.1 கிலோ விளையும். அவ்வளவுதான் விஷயம். ஏக்கருக்கு ஒரு குவிண்டால் என்பது ஹெக்டேருக்கு 247.1 கிலோ.

கவனித்தீர்களா, "ஏக்கருக்கு குவிண்டால்" என்பதே ஒரு கலப்பு அலகு. இந்தியா 1956-இல் மெட்ரிக் எடை, அளவுச் சட்டம் கொண்டுவந்தது. எடைக்கற்கள் மாறின, ஆனால் நிலத்தைப் பற்றிப் பேசும்போது மக்கள் ஏக்கரை விடவில்லை. பாதி மெட்ரிக், பாதி பிரிட்டிஷ்.

பெரியப்பாவின் 22-ஐ 247.1 ஆல் பெருக்கினால் 5,436. ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுவதென்றால், A2 கட்டத்தில் குவிண்டால் எண் இருக்கும்போது இது போதும்:

```
=A2*247.105
```

கையில் ஃபோன் இல்லாதபோது ஒரு சுருக்கு வழி உண்டு. 250 ஆல் பெருக்குங்கள், அதாவது நான்கால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். 22-க்கு 5,500 வரும். அதிலிருந்து நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு மாதிரி குறைத்துவிட்டால் 5,430 பக்கம் நிற்கும். விடை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க இது நல்ல சோதனை.

நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். ஹெக்டேர் ஏக்கரைவிடப் பெரியது என்று தெரியும். ஆனால் பெருக்குவதா வகுப்பதா என்று ஒரு நொடி குழம்பி, 2,200-ஐ 2.471 ஆல் வகுத்துவிடுவார்கள். 890 கிலோ என்று வரும். நிலப்பரப்பை மாற்றும்போது ஏக்கரை 2.471 ஆல் வகுத்தால்தான் ஹெக்டேர் கிடைக்கும், அது சரி. ஆனால் விளைச்சலில் நிலம் கீழே, வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அதனால் திசை தலைகீழ். பெரிய நிலத்தில் அதிக நெல் விளைய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், எண் கூடத்தான் வேண்டும்.

இதில் இன்னொரு நேர்மையும் இருக்கிறது. "5,436.3 கிலோ" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். பெரியப்பா ஃபோனில் முழு எண்ணாகத்தான் 22 என்றார். அது 21.5 ஆகவும் இருக்கலாம், 22.5 ஆகவும் இருக்கலாம். அப்படியென்றால் உண்மையான விடை 5,310-க்கும் 5,560-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. "சுமார் 5,400 கிலோ" என்பதே சரியான எழுத்து. கால்குலேட்டர் காட்டும் கடைசி இலக்கங்கள் வயலில் விளைந்தவை அல்ல.

எந்தக் குவிண்டால்?

கன்வெர்ட்டர் தளங்களில் குவிண்டால் என்று தேடினால் சில இடங்களில் "ஹண்ட்ரட்வெயிட்" என்பதோடு சேர்த்துக் காட்டும். அதைத் தொடாதீர்கள். பிரிட்டிஷ் ஹண்ட்ரட்வெயிட் 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. அமெரிக்காவில் 100 பவுண்டு, 45.4 கிலோ. யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் நெல்லையும் வெங்காயத்தையும் "அந்தர்" கணக்கில் பேசுவார்களே, அதுவும் இந்த 112 பவுண்டு அளவுதான். நம் பாட்டி தாத்தா காலத்து பிக்குல் 60.48 கிலோ. இவை எல்லாமே "நூறு" என்ற எண்ணைச் சுற்றி வந்தவை. பிக்குல்கூட நூறு காட்டிதான். ஆனால் எந்த நூறு என்பதில்தான் வித்தியாசம். சொன்னவர் இலங்கைக்காரர் என்றால், அல்லது பழைய தோட்டக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்றால், 100 கிலோதானா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

மாமாவின் ஏழு ரெலோங்

இப்போது யானுக்கு வருவோம். ஜெராய் மலைக்கும் கடலுக்கும் நடுவில் விரிந்து கிடக்கும் இந்த நெல்வெளி, 1970-இல் அமைக்கப்பட்ட மூடா வேளாண் மேம்பாட்டு வாரியத்தின், அதாவது மாடாவின், எல்லைக்குள் வருகிறது. வருஷத்துக்கு இரண்டு போகம். அரசாங்கப் புள்ளிவிவரங்கள் ஹெக்டேரில் வந்தாலும், வயலில் நிற்கும் ஆள் இன்னமும் ரெலோங்கில்தான் பேசுகிறார். வாடகை ரெலோங்குக்கு, உழவுக் கூலி ரெலோங்குக்கு, அறுவடை மிஷின் கூலியும் ரெலோங்குக்கு.

கெடா ரெலோங் என்பது 30,976 சதுர அடி. பக்கத்துக்கு 176 அடி உள்ள ஒரு சதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஒரு ரெலோங். ஏக்கரில் 0.711. ஹெக்டேரில் 0.2878. அதாவது ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய மூன்றரை ரெலோங். பினாங்கில் இதே பெயரில் புழங்கிய பழைய அளவு ஏக்கரைவிடப் பெரியது, அதனால் மாநில எல்லையைத் தாண்டிய நிலம் என்றால் திரும்பக் கேளுங்கள்.

ரெலோங்கும் ஏக்கரும் காதுக்கு ஒரே மாதிரி "ஒரு துண்டு நிலம்" என்று ஒலிப்பதால், அவசரத்தில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது ரொம்ப சுலபம். நாம் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டிலேயே அது எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்று பாருங்கள்.

மாமா ஆலை ரசீதுகளைக் கொடுக்கிறார். லோரி லோரியாக எடைபோட்டதைக் கூட்டினால் மொத்த எடை 12,300 கிலோ. ஈரம், தூசி, பதர் ஆகியவற்றுக்காக ஆலை 18 விழுக்காடு கழித்திருக்கிறது. ஆக, பணம் கிடைத்த நிகர எடை 10,086 கிலோ.

நிலம் ஏழு ரெலோங். 7-ஐ 0.2878 ஆல் பெருக்கினால் 2.01 ஹெக்டேர். நிகர எடையை அதால் வகுத்தால் ஹெக்டேருக்கு 5,007 கிலோ, சுருக்கமாக 5,000.

ஏழு ஏக்கர் என்று நினைத்துக் கணக்குப் போட்டால்? 2.83 ஹெக்டேர் ஆகி, விளைச்சல் 3,560 கிலோவுக்கு இறங்கிவிடும். அதே நெல், அதே ரசீது. ஆனால் மாமாவுக்கு விவசாயம் தெரியாது என்ற மாதிரி ஆகிவிடுகிறது. ஹெக்டேருக்கு ஒன்றரை டன்னை அவர் தொலைக்கவில்லை, நாம்தான் தொலைத்திருக்கிறோம்.

சரிபார்க்க ஒரு வழி: பெரியப்பாவின் அலகுக்கே மாமாவின் கணக்கையும் கொண்டுபோங்கள். 10,086 கிலோ என்பது 100.86 குவிண்டால். ஏழு ரெலோங் என்பது 4.98 ஏக்கர். வகுத்தால் ஏக்கருக்கு 20.26 குவிண்டால். அதை 247.1 ஆல் பெருக்கினால் மீண்டும் அதே 5,007-க்கு வந்து நிற்க வேண்டும். நிற்கிறது. இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் முடிந்தால், கணக்கில் பிழையில்லை என்று நம்பலாம்.

நிலப்பரப்பு பற்றி ஒன்று மட்டும். நிலப் பட்டாவில் ஏழு ரெலோங் என்று இருக்கலாம், ஆனால் அதற்குள் வரப்பு, வாய்க்கால் ஓரம், ஒரு கொட்டகை எல்லாம் அடங்கும். நெல் நின்ற இடம் ஆறரை ரெலோங் மட்டுமே என்றால், அதே 10,086 கிலோ ஹெக்டேருக்கு சுமார் 5,390 ஆகிவிடுகிறது. ஃபோனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டுக்கொண்டு வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தால் இது தெரிந்துவிடும். எந்தப் பரப்பை எடுத்தீர்கள் என்று அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

ஈரம் என்ற பெரிய ஓட்டை

இதுவரை பெரியப்பா 5,436, மாமா 5,007. தஞ்சாவூர் ஜெயித்தது என்று எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். இருவரும் எடைபோட்டது ஒரே பொருளை அல்ல.

அறுத்த உடனே நெல்லில் நிறைய தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரும் தராசில் ஏறுகிறது. அதனால்தான் ஆய்வுகளில் விளைச்சலை 14 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மாற்றி எழுதுவது வழக்கம். மாற்றுவது எப்படி என்றால், தண்ணீர் போனாலும் உலர்ந்த பகுதி அப்படியே இருக்கிறது என்ற ஒரே ஒரு உண்மையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பாவிடம் திரும்பக் கேட்கிறீர்கள். "எடை போடும்போது ஈரம் எவ்வளவு காட்டுச்சு?" என்றால், "இருபது இருந்துச்சு" என்கிறார். அப்படியென்றால் 100 கிலோ நெல்லில் 80 கிலோ உலர்ந்த பகுதி. 14 விழுக்காட்டில் அந்த 80 கிலோ என்பது மொத்தத்தில் 86 பங்கு. 80-ஐ 86 ஆல் வகுத்தால் 0.93. ஆக, அவருடைய 100 கிலோ ஈர நெல், கணக்குக்கு 93 கிலோதான். 5,436-ஐ 0.93 ஆல் பெருக்கினால் சுமார் 5,060 கிலோ.

20-லிருந்து 14-ஐக் கழித்து "ஆறு விழுக்காடு குறைத்தால் போதும்" என்று நிறைய பேர் போடுவார்கள். கிட்டத்தட்ட வரும், ஆனால் சரியல்ல. உண்மையான குறைவு ஏழு விழுக்காடு. ஈரம் கூடக் கூட இந்த இடைவெளி பெரிதாகும்.

தமிழ்நாட்டில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரம்தான் வழக்கமான வரம்பு. மழைக் காலத்தில் இதைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், அரசு சில நேரம் தளர்த்துவதும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே ஈரம் என்பது வாங்குவார்களா மாட்டார்களா என்ற கேள்வி. இங்கே மலேசியாவில் அது எடையில் எவ்வளவு வெட்டுவார்கள் என்ற கேள்வியாக வருகிறது. அதனால்தான் மாமா "வெட்டிட்டாங்க" என்றார்.

அந்த வெட்டைத்தான் நாம் யோசிக்காமல் எடுத்துக்கொண்டுவிட்டோம். 18 விழுக்காடு கழித்த பிறகு நிற்கும் எடை, 14 விழுக்காட்டு ஈரத்தில் உள்ள எடை அல்ல. அது பணம் கொடுப்பதற்கான எடை. ஈரம், தூசி, முற்றாத நெல் எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்திருக்கிறது. வயலின் விளைச்சல் வேண்டுமென்றால் மொத்த எடையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அளந்த ஈரம் 24 விழுக்காடு, தூசியும் பதரும் 3 விழுக்காடு என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது என்று கொள்வோம். 12,300-இல் 3 விழுக்காட்டைக் கழித்தால் 11,931 கிலோ. 76-ஐ 86 ஆல் வகுத்துப் பெருக்கினால் சுமார் 10,540 கிலோ உலர்ந்த, சுத்தமான நெல். அதை 2.014 ஹெக்டேரால் வகுத்தால் ஹெக்டேருக்கு சுமார் 5,230 கிலோ.

இப்போது மாமாவின் ஒரே அறுவடைக்கு மூன்று எண்கள் கையில் இருக்கின்றன. ஈரத்தோடும் தூசியோடும் 6,100. பணம் வந்த எடையில் 5,000. உலர்ந்த நெல்லாக 5,230. மூன்றுமே பொய்யில்லை. ஆனால் பெரியப்பாவின் 5,060-க்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது கடைசி எண் மட்டும்தான். அதுவும், பெரியப்பாவின் நெல்லில் எவ்வளவு தூசி இருந்தது என்று நாம் கேட்கவே இல்லை என்பதால், கொஞ்சம் அடக்கத்தோடு.

மொத்த எடையை வைத்திருந்தால் மாமா 700 கிலோ கூடுதலாக ஜெயித்திருப்பார். நிகர எடையை வைத்திருந்தால் பெரியப்பா 400 கிலோ கூடுதலாக ஜெயித்திருப்பார். உண்மையில் வித்தியாசம் 200 கிலோவுக்கும் குறைவு. பெரியப்பா ஃபோனில் சொன்ன 22-லேயே அதைவிடப் பெரிய தடுமாற்றம் இருக்கிறது. ஆகவே நேர்மையாக எழுதினால், இந்த இரண்டு வயல்களும் அந்தப் பருவத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் விளைந்தன.

தப்பு நடந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் எண் சந்தேகமாக இருந்தால், நம்பகமான ஓர் எண்ணால் அதை வகுத்துப் பாருங்கள். மலேசிய விவசாயத் துறையின் நெல் புள்ளிவிவரங்கள் சராசரி விளைச்சலை ஹெக்டேருக்குக் கிலோவில்தான் தருகின்றன. உங்கள் பகுதியின் எண்ணை அதிலிருந்து எடுக்கலாம். பருவத்துக்குப் பருவம் விளைச்சல் மாறும் என்பதால் சரியாக 1 வராது. ஆனால் பிழைகளுக்கு என்று சில அடையாளங்கள் உண்டு.

வகுத்து வந்தது 0.7 பக்கம் என்றால், ரெலோங்கை ஏக்கர் என்று எடுத்திருக்கலாம். அல்லது நெல்லுக்குப் பதில் அரிசியின் எடை வந்திருக்கலாம், ஏனென்றால் நெல்லை அரைத்தால் கிடைக்கும் அரிசி மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். இந்த இரண்டு பிழைகளும் ஒரே மாதிரி தோன்றும் என்பதால் ரசீதைத் திரும்பப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. 0.4 என்றால் ஏக்கர் கணக்கை மாற்றவே மறந்துவிட்டீர்கள். ஆறில் ஒரு பங்கு என்றால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள், அந்த 890 கிலோ மாதிரி. இரண்டு மடங்கு என்றால், சொன்னவர் இரண்டு போகத்தையும் கூட்டி வருஷக் கணக்காகச் சொல்லியிருக்கலாம். அல்லது அவர் அந்தரில் சொன்னதை நீங்கள் குவிண்டால் என்று எழுதியிருக்கலாம்.

அட்டவணையில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். அதற்குக் கீழே இப்படி ஒரு வரி வேண்டும்: "மாமாவின் வயல், ஒரு போகம், 7 கெடா ரெலோங், பட்டாவில் உள்ள பரப்பு, ஆலை ரசீதில் மொத்த எடை 12,300 கிலோ, தூசி, பதர் 3 விழுக்காடு கழித்து, 24 விழுக்காடு ஈரத்திலிருந்து 14 விழுக்காட்டுக்கு மாற்றியது, ஹெக்டேருக்கு சுமார் 5,230 கிலோ நெல்." இது இருந்தால், வேறு ஒருவர் உங்கள் மூல எண்களிலிருந்து தொடங்கி அதே விடைக்கு வர முடியும். வரப்பைச் சுற்றி நடந்து, பரப்பு ஆறரை ரெலோங்தான் என்று அடுத்த மாதம் தெரியவந்தாலும், ஓர் எண்ணை மாற்றினால் போதும்.